போர்டை முதல் நாள் காலையிலேயே கொடுங்கள்

வன்னியில் கல்லூரி மாணவருக்குச் செயலமர்வு ஒழுங்குசெய்யும் விரிவுரையாளர்களுக்கு,

வணக்கம். ESP32-CAM போர்டில் சிறிய மொடல் ஒன்றைப் பயிற்றி ஓட்டும் இரண்டு நாள் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். வயலுக்குள் கட்டாக்காலி மாடு நிற்கிறதா என்று கண்டுபிடிப்பது நல்ல தெரிவு. காலபோகத்தில் அதன் தேவையை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இணையத்தில் எடுத்த படங்களால் முதல் நாள் முழுக்கப் பயிற்றிவிட்டு, இரண்டாம் நாள் பின்னேரம்தான் போர்டைத் தொடுவதாகத் திட்டம் சொல்கிறது. அதைத் தலைகீழாக்குங்கள்.

முதல் நாள் காலை, போர்டின் கமராவாலேயே படம் எடுக்கட்டும்: 96×96, கறுப்பு வெள்ளை. இணையப் படங்களில் மாடு பெரிதாக, தெளிவாக நிற்கும். இந்தக் கமராவிலோ வரம்பருகே ஒரு மங்கல் திட்டாகத்தான் வரும். மொடல் பழக வேண்டியது அந்தத் திட்டைத்தான். மாடில்லாத வரம்பு, பற்றை, வேலிக்கட்டை ஆகியவற்றையும் அதே அளவுக்கு எடுக்க வேண்டும். (வயரும் முக்கியம். மெல்லிய யூஎஸ்பி வயரில் மின்னழுத்தம் விழுந்து, `Brownout detector was triggered` என்று போர்ட் திரும்பத் திரும்ப மறுதொடக்கமாகும்.)

பின்னேரம் பயிற்சி. படங்களைப் பயிற்சிக்கென்றும் சோதனைக்கென்றும் குலுக்கிப் பிரிக்க வேண்டாம். ஒரே மாட்டைத் தொடர்ந்து எடுத்த படங்கள் இரண்டு பக்கமும் போய்விட்டால், சோதனைப் புள்ளி பொய்யாக உயரும். ஒரு வயலில் எடுத்தவை அனைத்தையும் சோதனைக்கென ஒதுக்குங்கள். மொபைல்நெட்டின் 0.25 அகல வடிவம் போதும். அதன் முன்பயிற்சிக் கோப்பை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வையுங்கள்.

இரண்டாம் நாள் காலை மொடலை 8 பிட்டுக்குச் சுருக்கிப் போர்டில் ஏற்றலாம். எங்கும் தவறுவது இந்த இடத்தில்தான். கமரா தருவது 0 முதல் 255 வரை; மொடல் கேட்பது −128 முதல் 127 வரை. மாற்றாமல் அப்படியே கொடுத்தால் 200 என்ற வெளிச்சப் புள்ளி −56 ஆகிவிடும். 50 என்ற இருட்டுப் புள்ளி 50 ஆகவே நிற்கும். அதாவது வெளிச்சம் இருட்டைவிடக் கீழே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது, எல்லாப் படத்துக்கும் மொடல் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கவும் கூடும்.

```cpp
for (int i = 0; i < 96 * 96; i++)
  input->data.int8[i] = (int8_t)(fb->buf[i] - 128);
```

இதைச் சோதிக்க ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். போர்ட் எடுத்த ஒரு படத்தைச் சேமித்து, அதே 8 பிட் மொடலை மடிக்கணினியில் ஓட்டி, மொடல் போர்டிலும் மடிக்கணினியிலும் தந்த விடைப் புள்ளிகளை ஒப்பிடட்டும். பெரிதாக வேறுபட்டால் தவறு போர்டில் எழுதிய நிரலில். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் பதில் பிழையென்றால், பெரும்பாலும் படங்கள் போதவில்லை. பின்னேரம் வயலுக்குப் போய் இன்னும் எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், இரவில் நுழையும் மாட்டை இந்தக் கமரா காணாது. அதை மாணவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியர்