3 கிழமை, 11 மாலை

அன்புள்ள மகளுக்கு,

பிரிட்டனில் வாகனம் ஓட்டும் அனுமதிக்காக நீ எழுதிப் பார்த்து அனுப்பிய மாதிரித் தியறிப் பரீட்சையின் படங்களை நேற்றிரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 50 கேள்விகளில் 35 சரி. தேறுவதற்கு 43 வேண்டும். பிழைத்த 15ஐயும் ஒரு தாளில் வகை பிரித்து எழுதினேன். வீதிக் குறியீடுகளில் 5, வாகனம் நிற்க எடுக்கும் தூரத்தில் 4, மோட்டர்வேயில் 3, மீதி 3 அங்குமிங்குமாக. முதல் இரண்டையும் சரிசெய்தாலே இந்தத் தாளில் உனக்கு 44 வந்திருக்கும். ஆகவே புத்தகத்தை முதற்பக்கத்திலிருந்து திரும்ப வாசிக்கத் தொடங்காதே. வேலை முடிந்து ஏழு மணிக்கு வீட்டுக்கு வருகிற ஒருவர் அப்படி வாசித்தால், கண் வரிகளின் மேல் ஓடுமே தவிர மனதில் ஒன்றும் நிற்காது.

புதன்கிழமை உனக்குப் பிந்திய வேலை, சனி உன்னுடையது. திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய நான்கு மாலைகளில் 7.45 முதல் 8.30 வரை என்று வைத்துக்கொண்டால், பரீட்சை மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை என்பதால், மொத்தம் 11 மாலைகள், 8 மணித்தியாலத்துக்குச் சற்றே கூட. இது போதும். வாசிப்பு முழுவதையும் காலை ரயிலுக்கு மாற்றிவிடு; வீதி விதிப் புத்தகமான ஹைவே கோட்டின் குறியீட்டுப் பக்கங்களை நின்றுகொண்டும் பார்க்கலாம். மாலையில் கேள்விக்குப் பதில் சொல்வது மட்டும்தான்.

முதற் கிழமையின் முதல் இரண்டு மாலைகளையும் தூரங்களுக்குக் கொடு. நீ பட்டியலை மனனம் செய்திருக்கிறாய், ஆனால் எது எதனோடு சேர்ந்தது என்று தெரியாமல் செய்திருக்கிறாய். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி ஓடுவது யோசனைத் தூரம். அது மணிக்கு 20 மைலில் 6 மீட்டர், அதன் பின் ஒவ்வொரு 10 மைலுக்கும் 3 மீட்டர் கூடும். பிரேக் பிடித்தபின் ஓடும் தூரமோ வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவது: 30 மைலில் 14 மீட்டர் என்றால், வேகம் இரட்டிக்கும் 60இல் அது நான்கு மடங்காகி ஏறத்தாழ 55. இந்த இரண்டையும் கூட்டினால் 30இல் 23, 60இல் 73, 70இல் 96 மீட்டர். 70 மைலில் பிரேக் தூரம் எவ்வளவு என்று கேட்ட இடத்தில் நீ 96 என்று குறித்திருக்கிறாய், கேட்டது 75. உன் நான்கு பிழைகளில் இரண்டு இவ்வகை, அதாவது கணக்கு தெரியாததால் அல்ல, ஒரு சொல்லைத் தவறவிட்டதால் வந்தவை. ஈரவீதியில் முன்னால் போகும் வண்டியோடான இடைவெளியை இரட்டிக்க வேண்டும், பனிக்கட்டியில் பத்து மடங்கு வரை போகலாம் என்பதையும் அதே மாலையில் சேர்த்துக்கொள்.

குறியீடுகளை நிறத்தையும் வடிவத்தையும் கொண்டு பிடி. முக்கோணம் எச்சரிக்கும், வட்டம் கட்டளையிடும், செவ்வகம் தகவல் சொல்லும். வட்டத்திலும் சிவப்பு விளிம்பு பெரும்பாலும் செய்யாதே என்பது. நீலம் இதைச் செய் என்பது. மோட்டர்வேயில் நீ விட்டவை வீதியில் பதித்த ஒளிக்கற்களின் நிறங்கள்தாம். இடப்பக்க ஓரத்தில் சிவப்பு, நிரைகளுக்கிடையே வெள்ளை, நடுப்பிரிப்பின் ஓரத்தில் மஞ்சள், உள்நுழையும் வெளியேறும் வாயில்களில் பச்சை. ஒரு மாலை அதற்குப் போதும்.

இரண்டாம் கிழமை முழுவதையும், ஆபத்து உருவாவதைக் கண்டதும் மௌசை அழுத்த வேண்டிய ஹசார்ட் காணொளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் அதை நீ இன்னும் தொடவே இல்லை. 14 காணொளிகளில் 15 ஆபத்துகள், ஒன்றில் மட்டும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 5 புள்ளி, 75இல் 44 எடுக்க வேண்டும். கேள்விப் பகுதியில் 50 எடுத்தாலும் இதில் 43 எடுத்தால் பரீட்சை போனதுதான், இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். எனக்கு நடந்ததும் அதுவே. 2009இல் நான் எழுதியபோது காதொலியில் தமிழிலேயே கேள்வியைக் கேட்கும் வசதி இருந்தது (2014 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள்), கேள்விப் பகுதியில் தேறிவிட்டேன். ஊரில் பல வருடம் லொறி ஓட்டிய நான் காணொளியில்தான் விழுந்தேன்.

காரணம் பின்னால்தான் விளங்கியது. வீதியோரம் ஒரு வான் நிற்கிறது என்று வைத்துக்கொள். அது நிற்பதைக் கண்டதுமே நான் அழுத்திவிட்டேன். ஆனால் நிற்கிற வான் இன்னும் ஆபத்து அல்ல. அதன் வலப்பக்க விளக்கு சிமிட்டி, சக்கரம் திரும்பத் தொடங்கும் கணத்திலிருந்துதான் புள்ளி 5, 4, 3 என்று இறங்கிக்கொண்டே போகும். அதற்கு முன் அழுத்தியதற்கு ஒன்றும் கிடையாது. ஆகவே சந்தேகம் வந்ததும் ஒருமுறை, அது உண்மையில் அசையும்போது ஒருமுறை, இன்னும் நெருங்கினால் மற்றொருமுறை என்று அழுத்து. பயந்து தாளம் போடுவதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தக் காணொளிக்கே பூச்சியம் விழும். கைப்பேசியில் பழகாமல் கணினியில் மௌசை வைத்துப் பழகு, பரீட்சை நிலையத்தில் இருப்பது அதுதான். ஒரு மாலைக்கு 10 காணொளிக்கு மேல் பார்க்காதே. பூச்சியம் வந்தவற்றை மட்டும் திரும்பப் பார்த்து, முந்தினாயா பிந்தினாயா என்று எழுதிவை. நான்கு மாலை முடியும்போது நீ எந்தப் பக்கம் பிழைக்கிறவள் என்று அந்தத் தாளே சொல்லும்.

ஞாயிறு காலைகளில் மட்டும் 57 நிமிடம் வைத்து முழு மாதிரிப் பரீட்சை எழுது. பயிற்சியில் வரும் கேள்விகள் அப்படியே பரீட்சையில் வருவதில்லை, அதனால் பயிற்சி மதிப்பெண்ணை முழுதாக நம்பிவிடாதே. 12 நிமிடத்தில் முடித்து 48 எடுத்தால், நீ கேள்வியை வாசிக்கவில்லை, முன்பு கண்ட படத்தை அடையாளம் காண்கிறாய் என்று பொருள். விடைகளைக் கையால் மறைத்து, வாயால் பதிலைச் சொல்லிவிட்டுக் கையை எடு.

இரண்டாம் ஞாயிறு முக்கியமானது. பரீட்சைத் திகதியைப் பணம் இழக்காமல் மாற்ற இடையில் 3 முழு வேலை நாள்கள் இருக்க வேண்டும், உனக்கு அந்தக் கடைசி நாள் திங்கள். ஞாயிறன்று கேள்வியில் 46க்கும் காணொளியில் 50க்கும் குறைந்தால் தயங்காமல் தள்ளிப்போடு. 23 பவுணும் ஒரு விடுமுறை நாளும் மிஞ்சும். தாண்டினால், மூன்றாம் கிழமையின் மூன்று மாலைகளும் பிழைவிட்ட கேள்விகளுக்கு மட்டுமே, வியாழன் அரை மணிக்கு மேல் வேண்டாம்.

இன்னுமொன்று. ஊர்ப் பழக்கம் உன்னை இரண்டு கேள்விகளில் விழுத்தியிருக்கிறது. முன்விளக்கைச் சிமிட்டுவது, நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டுமே. நீ போ என்பதற்கோ நான் வருகிறேன் விலகு என்பதற்கோ அல்ல. ஹோர்னை இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை குடியிருப்புப் பகுதியில் அடிக்கக்கூடாது.

தற்காலிக அனுமதி அட்டையை இன்றே கைப்பையில் வை, அது இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஞாயிறு இரண்டு எண்களையும் அனுப்பு, திங்கள் காலைக்குள் பேசி முடிவெடுப்போம்.

அன்புடன்,
அப்பா