மழை விடுமுறை அறிவிப்பு முதல் வரியிலேயே புரிய வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், விடியற்காலையில் எங்கள் வேலூர் மாவட்டப் பள்ளிகள் பெற்றோருக்கு அனுப்பும் விடுமுறைச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பது குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாகப் பள்ளி நிர்வாகிகளுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

சென்ற பருவமழையின்போது எனக்கு வந்த ஒரு செய்தி, தொடர் கனமழையையும் மாணவர் பாதுகாப்பையும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவுறுத்தலையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசி வரியில்தான் "நாளை பள்ளிக்கு விடுமுறை" என்று முடிந்தது. கைப்பேசித் திரையில் முதல் இரண்டு வரிகள் மட்டுமே தெரியும் என்பதால், அடுப்படியில் நின்றபடி அதைப் பார்த்தவர்களுக்கு விடுமுறை உண்டா இல்லையா என்பதே தெரியவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் "நாளை" என்ற சொல்லில் இருந்தது. இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பப்பட்ட செய்தியை மறுநாள் காலை ஐந்தரைக்குப் படித்த சிலர், விடுமுறை அடுத்த நாளுக்கு என்று எண்ணிப் பிள்ளைகளைக் கொட்டும் மழையில் பேருந்து நிறுத்தத்திற்கு அனுப்பிவிட்டனர். தேதி இல்லாத அதே செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிச் சுற்றி, இரண்டு நாள் கழித்தும் புதிய அறிவிப்பைப் போல வந்துகொண்டிருந்தது. ஆகவே "இன்று", "நாளை" என்ற சொற்களை விட்டுவிட்டுத் தேதியையும் கிழமையையும் எழுதுவதே முதல் தேவை.

சாதாரணக் கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோர் அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து ஊர்களில் இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறுஞ்செய்திதான் வழி. ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழில் 70 மட்டுமே. அந்தக் கணக்கில் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனியே சேரும் என்பதால் "பள்ளி" என்ற சொல்லே ஐந்து இடங்களை எடுத்துக்கொள்கிறது. நீண்ட செய்தி துண்டுகளாகப் பிரிந்து செல்லும். ஒரு துண்டு தாமதமானால் பொருளே கெடும். பின்வரும் வரி அந்த எல்லைக்குள் அடங்குவதுடன், பள்ளியின் சுருக்கப் பெயருக்கும் இடம் விடுகிறது:

"நவ.12 புதன்: பள்ளி விடுமுறை. எல்லா வகுப்பும். வேன் வராது."

நின்றுபோன தேர்வு எப்போது நடக்கும், சிறப்பு வகுப்பு உண்டா என்பவற்றையெல்லாம் பகலில் தனியாகச் சொல்லலாம். மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திகளின் வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. எனவே விடியற்காலையில் புதிய வாசகம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட முடியாது. தேதிக்கு மட்டும் இடம் விட்டு, இந்த வரியைப் பருவமழை தொடங்கும் முன்பே பதிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வட்டாரத்திற்கே உரிய குழப்பம் ஒன்றும் உண்டு. 2019இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டை மாவட்டத்திற்குச் சென்றன; ஆனால் அங்கிருந்து வேலூர்ப் பள்ளிகளுக்கு வரும் பிள்ளைகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். தொலைக்காட்சியில் "ராணிப்பேட்டை மாவட்டத்திற்கு விடுமுறை" என்று ஓடும்போது, வேலூரில் இருக்கும் பள்ளிக்கு அது பொருந்தாது என்பது பதற்றத்தில் இருக்கும் தாய்க்குத் தோன்றுவதில்லை. வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு எச்சரிக்கையையே விடுமுறையாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. அது மழையைப் பற்றிய முன்னறிவிப்பு. விடுமுறையை முடிவு செய்பவர் மாவட்ட ஆட்சியர். அதனால், ஆட்சியரின் அறிவிப்பு எப்போது வந்தாலும், பள்ளி தன் பெயரில் தானே ஒரு செய்தி அனுப்பியாக வேண்டும்.

மழை கொட்டியும் விடுமுறை இல்லாத நாள்களில் பல பள்ளிகள் எதுவும் சொல்வதில்லை. என் பார்வையில் இதுதான் மிகப் பெரிய குறை. செய்தி வராததற்குப் பள்ளி உண்டு என்பது பொருளா, இன்னும் முடிவாகவில்லை என்பது பொருளா என்று பெற்றோரால் அறிய முடிவதில்லை. ஏழு மணிக்கு வேன் வரும் வீட்டிற்கு ஆறு மணிக்குள் பதில் தெரிந்தாக வேண்டும். எனவே கனமழை எச்சரிக்கை உள்ள ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்குள் "பள்ளி உண்டு" என்றோ "விடுமுறை" என்றோ ஒரு செய்தி வரும் என்று பள்ளிகள் முன்னதாகவே உறுதியளித்து, அதைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். விடுமுறை என்று சொன்னபின் எட்டு மணிக்கு வெயில் அடித்தாலும் அதை மாற்றக் கூடாது. வேலைக்குக் கிளம்பிவிட்ட பெற்றோர் மறுபடியும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இந்த ஆண்டுப் பருவமழைக்கு முன் நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் செய்தியின் வாசகத்தையும் அனுப்பும் நேரத்தையும் முடிவு செய்து, மாணவர்களின் நாட்குறிப்பில் ஒட்டித் தருமாறு வேலூர் மாவட்டப் பள்ளி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
காட்பாடி.