தலையால் தலைப்பை மறைக்காதீர்கள்

கிரீன் ஸ்கிரீனில் கட்டுரையைப் பின்னால் வைத்து ரீல்ஸும் ஷார்ட்ஸும் செய்யும் செய்தி விளக்கக்காரர்களுக்கு,

வணக்கம். சொல்வது சொந்தச் சரக்கல்ல என்று காட்டத்தான் கட்டுரையைப் பின்னால் வைக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எவ்வளவு நிதானமாகப் பேசினாலும், நிமிடம் முழுக்கக் கண்ணில் நிற்பது அந்தத் தலைப்புதான்.

2023 அக்டோபர் 17 இரவு, காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் பெரும் வெடிப்பு. இஸ்ரேலியத் தாக்குதலில் நூற்றுக்கணக்கானோர் பலி என்று நியூயார்க் டைம்ஸ் இணையத்தில் தலைப்பிட்டது. 'பாலஸ்தீனர்கள் கூறுகின்றனர்' என்பது அதன் வாலில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் 'இஸ்ரேலிய' என்ற சொல் போனது. பிறகு 'தாக்குதல்' போய் 'வெடிப்பு' வந்தது. ஆரம்பச் செய்தி ஹமாஸ் தரப்புக் கூற்றை அளவுக்கு மீறிச் சார்ந்திருந்தது என்று 23ஆம் தேதி ஆசிரியர் குறிப்பே வெளியானது. ஆனால் முதல் தலைப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்தவர் கையில் அது அப்படியே உறைந்துவிட்டது.

இதில் இன்னொரு வினை உண்டு. போனில் தலைப்பு மூன்று நான்கு வரிகளாக மடங்கும்போது, யார் சொன்னது என்பது கடைசி வரிக்குப் போய்விடும். உங்கள் தலை சரியாக அங்கேதான் முளைக்கிறது! அந்த வரி மறைந்ததும் ஒரு தரப்பின் குற்றச்சாட்டு, உறுதியான செய்தியாகிவிடுகிறது. இரண்டு விரலால் உங்கள் உருவத்தைச் சுருக்கி இடது கீழ்ப் பக்கம் நகர்த்துங்கள். வலப்பக்கம் லைக், ஷேர் பொத்தான்கள் வந்துவிடும். தலைப்போடு, செய்தி புதுப்பிக்கப்பட்ட நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்.

பேச்சுக்கு வருவோம். வெடிப்பு நடந்ததிலும் உயிர்கள் போனதிலும் சர்ச்சை இல்லை. அதை நேராகச் சொல்லலாம். வெடித்தது எது என்பதில்தான் கூற்றுகள் பிரிகின்றன. காசா சுகாதார அமைச்சகம் இஸ்ரேலின் வான்தாக்குதல் என்றது. பாலஸ்தீன ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிகாத் ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். அந்த அமைப்பு மறுத்தது. பலி எண்ணிக்கையை அமைச்சகம் 471 என்றது; அமெரிக்க உளவுத்துறையின் மதிப்பீடு 100 முதல் 300 வரை. எண்ணைச் சொல்லும் அதே மூச்சில் யாருடைய எண் என்பதும் வர வேண்டும். ஒரு தரப்பு 'தெரிவித்தது', மறு தரப்பு 'சாதிக்கிறது' என்று வினைச்சொல்லில் ஓரவஞ்சனை செய்யாதீர்கள்.

இரு கூற்றுகளையும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வதும் நடுநிலை ஆகாது. பின்னர் வந்த ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். கிடைத்த ஆதாரங்கள் தவறி விழுந்த ராக்கெட்டையே காட்டுகின்றன, முழு விசாரணை தேவை என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் நவம்பரில் சொன்னது. லண்டன் ஆய்வுக் குழுவான ஃபாரன்சிக் ஆர்க்கிடெக்சர் இஸ்ரேலின் விளக்கத்தையே கேள்விக்குள்ளாக்கியது.

தலைப்பு மாறிவிட்டால், கமெண்டில் ஒரு திருத்தத்தை மேலே பின் செய்து வைப்பதோடு நிறுத்தாதீர்கள். வீடியோவை யாராவது இறக்கி வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கமெண்ட் கூடவே போகாது. புதிய ஸ்கிரீன்ஷாட்டை வைத்து, எது மாறியது என்று முதல் வரியிலேயே சொல்லி மறுபடி எடுங்கள், பழையதை நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீடியோக்களைத் தவறாமல் பார்க்கும் ஒரு வாசகர்