வகுத்தல் கணக்கும் வீட்டு ரப்பரும்

ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள்களைக் கொடுத்துவிட்டோம். விளையாட்டு விழாவும் நல்லபடியாக நடந்தது, பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1236-ஐ 12-ஆல் வகுக்கச் சொன்ன கணக்குக்குப் பல பிள்ளைகள் 13 என்று எழுதியிருந்தார்கள். 12-இல் 12 ஒரு முறை போகிறது. அடுத்து 3-ஐ இறக்குகிறார்கள். 3-இல் 12 போகாது என்றதும், ஈவில் 0 போடாமல் 6-ஐயும் இறக்கி, 36-க்கு 3 என்று முடித்துவிடுகிறார்கள். சரியான விடை 103. பன்னிரண்டு நூறே 1200 ஆகிவிடுகிறதே, விடை எப்படி நூறுக்குக் கீழே வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்று 875-ஐ 24-ஆல் வகுப்பது. 87-இல் 24 மூன்று முறை போகும். ஒரு பிள்ளை 2 போட்டு, 48-ஐக் கழித்து, மீதி 39 என்று எழுதியிருக்கிறது. மீதி 24-ஐவிடப் பெரிதாக இருக்கிறதே என்று அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் 5-ஐ இறக்கி, 395-இல் 24 பதினாறு முறை போகும் என்று 2-க்குப் பக்கத்தில் 16-ஐ எழுதி, ஈவு 216, மீதி 11 என்று முடித்துவிட்டது. மீதி என்னவோ சரிதான்! ஈவு 36 வர வேண்டும்.

திங்கள் முதல் மூன்று பாடவேளை இதற்குத்தான். முதல் நாள், வகுக்கும் முன்பே ஈவில் எத்தனை இலக்கம் வரும் என்று பார்த்து அத்தனை புள்ளி வைப்பார்கள். 1236-க்கு மூன்று புள்ளி. நடுப்புள்ளி காலியாக இருந்தால் 0 விட்டுப்போனது தெரிந்துவிடும். இரண்டாம் நாள், 24, 48, 72 என்று வாய்ப்பாட்டை ஓரத்தில் எழுதிக்கொண்டு வகுப்பார்கள்; ஒவ்வொரு முறை கழித்ததும் மீதி சிறியதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் நாள், தப்பாகப் போட்ட கணக்குகளைக் கொடுத்து எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று கொடுத்தனுப்புங்கள். கட்டத்துக்கு ஓர் இலக்கம் எழுதினால் இறக்கும் எண் இடம் மாறாது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். வீட்டுப்பாட நோட்டுகளில் வகுத்த வரிகள் அழிக்கப்பட்டு, விடை மட்டும் சரியாக இருக்கிறது. சிலவற்றில் பெரியவர்கள் கையெழுத்தே தெரிகிறது. போனில் போட்டுப் பார்த்து எழுதிய விடையை வைத்துக்கொண்டு ஆசிரியர் எதைத் திருத்துவார்? தப்பான வரி அப்படியே எங்களுக்கு வேண்டும். தயவுசெய்து அழிக்காதீர்கள்.

உதவ நினைத்தால், ஈவை வகுக்கும் எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 36-ஐ 24-ஆல் பெருக்கினால் 864, அதோடு 11 சேர்த்தால் 875. வரவில்லையென்றால் அப்படியே அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

வேலை முடிந்து வந்த அலுப்பிலும் பிள்ளைகளோடு உட்காருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு என் நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்