சொல் கணக்கும் வரிப் பிடித்தமும்: மகளுக்கு ஒரு கடிதம்

மார்த்தாண்டம்

அன்பு மகளுக்கு,

உன் மொழிபெயர்ப்பு வேலைக்கு நீ அனுப்பிய பில்லையும் அந்த நிறுவனம் தந்த பணக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கைக்கு வந்தது 3,528 ரூபாய்தான் என்றும், 392 ரூபாயை வரியாகப் பிடித்துவிட்டார்கள் என்றும் வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். அந்த 392 ரூபாய் எங்கும் போய்விடவில்லை. போனது வேறு பணம்.

சொல்லுக்கு 2 ரூபாய், ஒரு பணிக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் என்றுதானே பேச்சு? ஆங்கிலக் கையேடு 2,400 சொற்கள். மூலத்தை எண்ணினால் 4,800 ரூபாய் வர வேண்டும். அவர்களோ உன் தமிழ்ப் பிரதியை எண்ணி, 1,650 சொற்களுக்கு 3,300 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தனித்தனியாக நிற்கும் சிறு சொற்கள் தமிழில் வேற்றுமை உருபாகவும் வினை விகுதியாகவும் ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை இப்படிச் சுருங்குவது இயல்புதான். ஆனால் ‘சொல்லுக்கு’ என்று மட்டும் பேசி, எந்த மொழியின் சொல் என்று எழுதாமல் விட்டால், அந்தச் சுருக்கம் உன் கூலியில்தான் விழும். அதோடு, ‘செய்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் மூன்று சொல் என்று ஆகும் கணக்கை வைத்து யாரும் நியாயமாகக் கூலி போட முடியாது. மூலத்தின் எண்ணிக்கையோ, வேலை தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்த எண்.

நான் பழைய திருவிதாங்கூர்க் காலத்து மலையாளச் சொத்துப் பத்திரங்களைத் தமிழாக்கித் தரும்போது பக்கத்துக்கு இவ்வளவு என்றுதான் வாங்குவேன். மலையாளமும் தமிழும் ஏறக்குறைய ஒரே அளவில் நடப்பதால் இந்தத் தொல்லை எனக்கு நேர்ந்ததில்லை. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும் உனக்கு ஒவ்வொரு பில்லிலும் நேரும்.

அடுத்தது அந்த மூன்று அறிவிப்புகள். 60, 110, 140 சொற்கள். மூன்று வெவ்வேறு நாட்களில், மூன்று தனி மின்னஞ்சல்களில் வந்தவை. ஒவ்வொன்றுக்கும் நீ மற்ற வேலையை நிறுத்திக் கோப்பைத் திறந்து, படித்து, கலைச்சொல் சரிபார்த்து, திருப்பி அனுப்பியிருக்கிறாய். குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்துக்காகத்தான். அந்த வகையில் மூன்றுக்கும் சேர்த்து 1,500 ரூபாய். அவர்கள் மாதக் கடைசியில் மூன்றையும் ஒன்றாகக் கட்டி, 310 சொற்கள், 620 ரூபாய் என்று முடித்துவிட்டார்கள். (இதை மட்டும் மூலத்தில் எண்ணியது கவனக்குறைவா, வசதியா என்று நான் கேட்கப்போவதில்லை.)

ஆகக் கையேட்டில் 1,500, அறிவிப்புகளில் 880, மொத்தம் 2,380 ரூபாய் குறைந்திருக்கிறது. நீ கேட்க வேண்டியது இதைத்தான்.

வரிக்கு வருகிறேன். தொழில்முறைச் சேவைக் கட்டணம் என்ற வகையில் உனக்கு நூற்றுக்குப் பத்து பிடிக்கிறார்கள். ஒரே நிறுவனம் ஒரு நிதியாண்டில் தரும் தொகை 50,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த வகையில் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000 ஆக இருந்தது. நீ தாண்டிவிடுவாய் என்பதால் அவர்கள் பிடித்ததில் தவறில்லை. பான் எண் கொடுக்காதவர்களுக்கு இருபது சதவீதம் போய்விடும், நீ கொடுத்திருக்கிறாய். பிடித்த தொகை உன் பான் எண்ணின் பெயரில் அரசிடம் கட்டப்படுகிறது. உன் வருமானத்துக்கு வரியே வராது என்றால், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அது திரும்பக் கிடைக்கும்.

ஆனால் அவர்கள் பிடித்தது உண்மையில் கட்டப்பட்டதா என்பதை நீதான் பார்க்க வேண்டும். ஜூன் மாதப் பிடித்தத்தை ஜூலை 7-க்குள் கட்டி, அந்தக் காலாண்டின் அறிக்கையை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகஸ்ட் நடுவில் வருமான வரி இணையதளத்தில் உன் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் அறிக்கையைத் திறந்து, அந்த நிறுவனத்தின் பெயருக்கு நேராக 392 இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் உடனே எழுதிக் கேள். வரி பிடித்ததற்கான சான்றிதழையும் அவர்களிடம் வாங்கி வை. பலர் மறு ஆண்டு கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் இதைப் பார்க்கிறார்கள், அதற்குள் அங்கே கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டே போயிருப்பார்.

இன்னொன்று: 500 ரூபாய் என்பது பிடித்தத்துக்கு முந்தைய தொகையா, கைக்கு வர வேண்டியதா என்பதும் உங்கள் பேச்சில் இல்லை. முந்தையது என்றால் கையில் 450 வரும். அதை நினைத்துப் பேசு.

திருத்திய பில் இப்படி இருக்கட்டும்: கையேடு 4,800, மூன்று பணிகளுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 1,500, மொத்தம் 6,300; பிடித்தம் 630; தர வேண்டியது 5,670; ஏற்கெனவே பெற்ற 3,528 போக மீதி 2,142. மூன்று மின்னஞ்சல்களின் தேதிகளையும் அதில் எழுது. மூலச் சொல் என்று எழுதிக்கொள்ளாததால் கையேட்டுப் பங்கை அவர்கள் மறுக்கக்கூடும். அறிவிப்புகளின் பங்கை மறுக்க அவர்களுக்கு வழியில்லை. அடுத்த வேலையை ஏற்கும் முன், ‘மூலச் சொல் எண்ணிக்கைப்படி, தனித்தனியாக அனுப்பும் ஒவ்வொரு கோப்பும் ஒரு பணி, கட்டணங்கள் வரிப் பிடித்தத்துக்கு முந்தையவை’ என்று மின்னஞ்சலில் எழுதி, சரி என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகு தொடங்கு. அவர்கள் என்ன பதில் தருகிறார்கள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அப்பா