பியூட்டேன் படத்துக்கு ஒரு பூஜ்யம், கிராஃபுக்கு இன்னொரு பூஜ்யம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ் மாணவர் பக்கத்துல பியூட்டேன் கேள்வி ஒண்ணு வந்திருந்துச்சு. நடு ரெண்டு கார்பனுக்கு இடையில இருக்க பிணைப்பைச் சுத்தித் திருப்பினா வர்ற வடிவங்கள நியூமேன் ப்ரொஜெக்ஷன்ல நாலு படமா போட்டு, கீழ ஒரு எனர்ஜி கிராஃபும் குடுத்து, நிலையானதுல ஆரம்பிச்சு வரிசைப்படுத்தச் சொல்லியிருந்தீங்க. கேள்வி நல்ல கேள்விதான். ஆனா படத்துக்கும் கிராஃபுக்கும் பூஜ்யம் ஒரே இடத்துல இல்லங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி யாரும் அத கவனிக்கல போல.

உங்க படத்துல 0 டிகிரின்னா முன் கார்பன்ல இருக்க மெத்திலும் பின் கார்பன்ல இருக்க மெத்திலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா மறைஞ்சு நிக்குது. கிராஃப்ல பாத்தா 0 பள்ளத்துல இருக்கு, அதாவது ரெண்டு மெத்திலும் எதிரும் புதிருமா இருக்க ஆன்டி வடிவத்துல இருந்து எவ்வளவு திருப்பினோம்னு எண்ணியிருக்கீங்க. ரெண்டு மாதிரியும் புக்குகள்ல இருக்கு, ரெண்டுமே சரிதான், ஒரே பக்கத்துல கலந்தாதான் வம்பு. ஒரு மாணவன் படத்துக்குக் கீழ இருக்க டிகிரிய அப்படியே கிராஃப்ல தேடினா என்ன ஆகும்னு பாருங்க: ஆன்டி 180ன்னு போட்டிருக்கு, கிராஃப்ல 180ல பெரிய மேடு, 19 கிலோஜூல். 60ல இருக்க கோஷ் வடிவத்துக்கு 16 கிடைக்கும், 120ல இருக்க எக்லிப்ஸ்டுக்கு 3.8, மெத்திலும் மெத்திலும் இடிக்கிற 0 டிகிரிக்கு பூஜ்யம். ஒண்ணு ரெண்டு இடம் மாறல, மொத்த வரிசையும் அப்படியே தலைகீழா வந்துடுது!

அதனால இந்த மாதிரி கேள்வியில டிகிரிய நம்பாம முதல்ல படத்த வச்சே கணக்கு போடுறதுதான் சேஃப். எக்லிப்ஸ்டுல மூணு ஜோடி நேருக்கு நேர் நிக்கும். ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும்னா 4 கிலோஜூல், மெத்திலும் ஹைட்ரஜனும்னா 6, மெத்திலும் மெத்திலும்னா 11, பாடப்புத்தகத்துல வழக்கமா வர்ற தோராய மதிப்புதான் இது. 0 டிகிரி வடிவத்துக்கு 11, 4, 4 கூட்டினா 19. 120 டிகிரி வடிவத்துக்கு 6, 6, 4 கூட்டினா 16. இங்கதான் நிறைய பேரு சறுக்குறாங்க, 120ல மெத்தில் ரெண்டு இடத்துல இடிக்குது, 0ல ஒரே இடத்துலதான், அப்போ 120 தான் மோசம்னு எழுதிடுறாங்க. எத்தன ஜோடின்னு எண்ணினா பத்தாது, எந்த ஜோடிக்கு எவ்வளவுன்னு பாக்கணும். அந்த 19ங்கற நம்பர் புக்குக்கு புக்கு கொஞ்சம் மாறும், ஆனா 0 டிகிரிதான் உச்சிங்கறது மாறாது.

ஸ்டேகர்டுல எதுவும் நேருக்கு நேர் இல்ல. ஆன்டிய பூஜ்யம்னு வச்சுக்கிட்டா கோஷ் 3.8 வருது, ரெண்டு மெத்திலும் 60 டிகிரிலயே பக்கத்துல பக்கத்துல நெருக்கிட்டு இருக்கறதால. 300 டிகிரில வர்றதும் கோஷ்தான், 60ல இருக்கறதோட கண்ணாடி பிம்பம், அதே எனர்ஜி. (விடையில கோஷ நிலையில்லாத வடிவம்னு ஒரே வரியில தள்ளிவிட்டுட்டீங்க. 25 டிகிரி செல்சியஸ்ல ஏறக்குறைய 30 சதவீத மூலக்கூறுகள் அந்த ரெண்டு கோஷ்லதான் இருக்கும், மீதி 70 ஆன்டி.)

ஆக நிலையானதுல இருந்து வரிசை ஆன்டி, கோஷ், 120 எக்லிப்ஸ்டு, 0 எக்லிப்ஸ்டு. இதுக்கப்புறம்தான் கிராஃபுக்குப் போகணும். ஒரு முழு சுத்துல மூணு பள்ளம், அதுல ஆழமானது ஒண்ணு, மத்த ரெண்டும் சமம். மேடும் மூணு, உயரமானது ஒண்ணு, மத்த ரெண்டும் சமம். ஆழமான பள்ளத்துல ஆன்டி உக்காரணும், பெரிய மேட்டுல மெத்தில் மேல மெத்தில் இருக்க படம் உக்காரணும். உக்காரலன்னா தப்பு உங்க கணக்குல இல்ல, கிராஃபோட பூஜ்யம் வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, 120 படத்த வரஞ்சவரு பின்னாடி இருக்க கோடு தெரியணும்னு அதிகமாவே சாய்ச்சுட்டாரு, அவசரத்துல பாத்தா ஸ்டேகர்டு மாதிரியே இருக்கு. எக்லிப்ஸ்டுல லேசா சாய்ச்சு வரையறது வழக்கம்தான், ஆனா பின் கோடு முன் கோட்ட ஒட்டியே இருக்கணும், ரெண்டு முன் கோட்டுக்கு நட்டநடுவுல வந்தா அது ஸ்டேகர்டு.

அடுத்த இதழ்ல அந்தப் படத்த மாத்திப் போட்டு, கிராஃபோட கீழ் அச்சுல "ரெண்டு மெத்திலுக்கும் இடையில உள்ள கோணம்"னு எழுதி, 0 டிகிரிய பெரிய மேட்டுல வச்சு போட்டீங்கன்னா போதும். விடைப் பட்டியல்ல வரிசை சரியாத்தான் இருக்கு, அத மாத்திடாதீங்க.

இப்படிக்கு,
பிளஸ் டூ பசங்களுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கும் ஒரு வாசகி