ஓடிக்கொண்டிருக்கும் பில்லிங் மென்பொருளில் கைவைக்காதீர்கள்

எங்கள் ஊர் மருந்துக்கடைகள் பலவற்றில் ஓடும் பில்லிங் மென்பொருளை உருவாக்கும் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் நீங்கள் அனுப்பிய அப்டேட்டைப் பற்றி உங்கள் உதவி மையத்தில் ஏற்கெனவே மூன்று புகார்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று நான் கொடுத்தது. அதில் எழுத இடம் போதாததை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமை மாலை ஏழு மணி. கடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஆறே முக்கால் வரை ஒழுங்காக வந்த பில், திடீரென்று வரவில்லை. பிரிண்ட் கொடுத்தால் கடிகாரம் சுற்றுகிறது, அப்புறம் ஒன்றும் இல்லை. கடைக்காரர் பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்துக் கையால் எழுதினார். உங்கள் உதவி மையம் சொன்னது ஒன்றுதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." செய்தார். இரவு கடையைப் பூட்டும்போது ஷட் டவுன் செய்து, ஞாயிறு காலை மறுபடி ஆன் செய்தார். அப்போதும் பில் வரவில்லை. திங்கள் காலை நான் போகும்வரை கைப்பில்தான்.

நடந்தது இதுதான். பில் போடும் திரை ஒரு நிரல், அச்சடிக்கும் வேலைக்கு இன்னொரு சின்ன நிரல் என்று வைத்திருக்கிறீர்கள். திரை காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கும். அச்சு நிரலோ பில்லுக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நொடியில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை மேலெழுத விண்டோஸ் விடாது. அதனால் உங்கள் அப்டேட்டர், சும்மா இருந்த அச்சு நிரலை உடனே மாற்றிவிட்டு, திரை நிரலை மட்டும் "அடுத்த ரீஸ்டார்ட்டில் மாற்று" என்று விண்டோஸிடம் குறித்துவைத்துவிட்டது. பழைய திரை பேசுவது புதிய அச்சு நிரலுக்குப் புரியவில்லை. இரண்டு கோப்புகளின் Properties-இல் Details பக்கத்தைத் திறந்தேன். ஒன்றில் பழைய பதிப்பு எண், இன்னொன்றில் புதியது. ரெஜிஸ்ட்ரியில் உங்கள் குறிப்பும் அப்படியே காத்திருந்தது:

```
HKLM\SYSTEM\CurrentControlSet\Control\Session Manager
PendingFileRenameOperations
```

ஆஃப் செய்து ஆன் செய்தும் ஏன் சரியாகவில்லை? அந்தக் கணினியில் Fast Startup இயங்குகிறது. அது இருந்தால் ஷட் டவுன் முழு ஷட் டவுன் ஆகாது. விண்டோஸ் தன் மையப் பகுதியை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டு, காலையில் விட்ட இடத்திலிருந்தே தொடரும். புதிதாகத் துவங்கும்போது மட்டும் படிக்கப்படும் அந்தக் குறிப்பு படிக்கப்படவே இல்லை. நான் Restart கொடுத்தேன். முதல் பில் உடனே வந்தது. ஒன்றரை நாள் அலைச்சலுக்குத் தீர்வு அந்த ஒரு பொத்தான். அதை உங்கள் ஆட்களே அறிந்திருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அப்டேட் வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்னணியில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஃபோல்டரைத் தொடாதீர்கள். குரோம் உலாவி பல ஆண்டுகளாக இதைச் செய்கிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் எண்ணிலேயே தனி ஃபோல்டர். புதியது பக்கத்தில் வந்து உட்காரும், ஓடுவது தன் பழைய ஃபோல்டரிலேயே ஓடும். துவக்கும் சின்னக் கோப்பு மட்டும் `new_chrome.exe` என்ற பெயரில் காத்திருக்கும். உலாவியை மூடித் திறக்கும்போது பெயர் மாறும், அவ்வளவுதான். கணினியை ரீஸ்டார்ட் செய்யும் தேவையே கிடையாது. நகலெடுக்கும் நடுவில் கரண்ட் போனாலும் பழைய ஃபோல்டர் முழுசாக இருக்கும். உங்கள் முறையில் போனால் பாதிக் கோப்புதான் மிஞ்சும்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. இப்போது ஒவ்வொரு மென்பொருளும் ஓர் அப்டேட்டரைக் கூடவே கொண்டுவந்து நிறுவுகிறது. எதுவும் கடைக்காரரிடம் நேரம் கேட்பதில்லை. பணம் கொடுத்து வாங்கியவருக்குத் தன் கல்லாப்பெட்டிக் கணினியில் என்ன மாறுகிறது என்று தெரிய உரிமை இல்லையா?

சரி, கேட்க வந்ததைக் கேட்கிறேன். புதிய பதிப்பைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். மென்பொருளை மூடித் திறக்கும்போது எல்லாக் கோப்புகளும் ஒன்றாக மாறட்டும். முந்தைய பதிப்பு ஒன்றை அழிக்காமல் வைத்திருங்கள். அதுவரை, திரை நிரலும் அச்சு நிரலும் வேலை தொடங்குமுன் பதிப்பு எண்ணை ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் "Restart கொடுங்கள்" என்று திரையில் தமிழில் ஒரு வரி காட்டினாலே போதும். அடுத்த அப்டேட்டுக்கு முன் தயவுசெய்து இதைச் செய்துகொடுங்கள்.

இப்படிக்கு,
மருந்துக்கடைகளுக்குக் கணினி பார்த்துக்கொடுப்பவன்